திருப்பிய விழிகள்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் இல்லங்களுள் நுழைவோர்க்கு முதலிற் காட்சி தருவது பெரும்பாலும் ஒரு படமே ஆகும். பத்தடி அறையாயினும் சரி, அடுக்குமாடி வீட்டின் விரிந்த கூடமாயினும் சரி, வாயிலுக்கு நேர்ச்சுவரில் அது தொங்கும். நெற்றியிற் சந்தனப் பொட்டும், மேலே மாலையும், கீழே சிறு மின்விளக்குமாக மறைந்த தாயோ தந்தையோ அங்கே வீற்றிருப்பர். வீட்டார் வெளியே புறப்படும்போது அப்படத்தைப் பார்த்துவிட்டே புறப்படுவர். தேர்வுக்குச் செல்லும் பிள்ளை அதன்முன் ஒரு கணம் நின்று செல்லும். படம் தம்மைப் பார்க்கின்றது என்னும் எண்ணமே இப்பழக்கத்தின் வேர். ஆதலின் சுவரில் மாட்டும் படத்திற்கு நம் மக்கள் வேண்டும் இலக்கணம் ஒன்றே ஒன்றுதான்: அதிலுள்ளவர் நேராக நோக்க வேண்டும்.

எல்லார்க்கும் அத்தகைய படம் வாய்ப்பதில்லை. நெல்லைச் சீமையிலிருந்தும் சேலம், தஞ்சைப் பகுதிகளிலிருந்தும் பிழைப்பு நாடி இந்நகர்க்கு வந்தோரின் பெற்றோர் பலர், வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் நிழற்படக் கருவியின்முன் நின்றனர். அதுவும் யாரோ ஒருவர் திருமணத்தில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றதே ஆகும். நிழற்படம் எடுப்பவர் மணமக்களைப் பார்த்து எடுத்தார். தாயோ தன் மகளைப் பார்த்து நின்றாள். அந்தத் தாள் ஒன்றே பின்னாளில் எஞ்சுகின்றது. அதனைக் கையிலேந்தி வருவோர் கேட்பது, 'இந்தக் கண்ணைக் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா?' என்பதே.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படங்களை 'டச்சிங்' செய்யும் தொழிலில் இருந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று. தொடக்கத்தில் நெகடிவின்மீது கூர்சீவிய பென்சிலாலும், பெரிதாக்கிய படத்தின்மீது மெல்லிய தூரிகையாலும் இதனைச் செய்தோம். பிற்காலத்தில் கணிப்பொறித் திரையிற் செய்தோம். கருவி மாறிற்றேயன்றிக் கண்ணின் இலக்கணம் மாறவில்லை. அவ்விலக்கணத்தை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்குவது நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தாராவி 90 அடிச் சாலைப் பகுதியிலிருந்து ஒருவர் வந்தார். தோற்பைகள் தைக்கும் தொழில். திருநெல்வேலிப் பக்கத்து ஊர். அவர் கொணர்ந்தது 1979ஆம் ஆண்டு அவருடைய தமக்கையின் திருமணத்தில் எடுத்த, எட்டங்குல அகலமும் ஆறங்குல உயரமும் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். மணமக்களும் பெண்ணின் பெற்றோருமாக நால்வர் நிற்கின்றனர். தாயின் தலை மணமகள் பக்கம் சற்றே திரும்பியிருக்கின்றது. விழிகளோ இன்னும் சற்று அப்பக்கமே சென்றிருக்கின்றன. "அம்மா எங்களப் பாக்கணும் அண்ணாச்சி. வேற படமே கெடையாது" என்றார் அவர். அவருடன் செம்பூரிலிருந்து வந்திருந்த தங்கையோ, "அம்மா அக்காவத்தான பாத்துட்டு நிக்கா? அத எதுக்கு மாத்தணும் அண்ணே?" என்றார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. தங்கையின் வினாவிற்குப் பின்னர் வருவோம். முதலில் தமையனின் வேண்டுகோள் நிறைவேறத்தக்கதா என்பதைக் காண்போம்.

ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பதை நாம் அறிவது கருவிழியாலன்று. அதன் இருபுறமும் தெரியும் வெண்விழியின் அளவால். மற்றக் குரங்கினங்களோடு ஒப்பிடுகையில் மனிதக் கண்ணில் வெண்பரப்பு அகன்று வெளிப்படையாகத் தெரிகின்றது. அதனால்தான் அறையின் மறுகோடியில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறாரா, நமக்குப் பின்னிருப்பவரைப் பார்க்கிறாரா என்று நொடியிற் சொல்லிவிடுகிறோம். இக்கூர்மையே நம் தொழிலுக்குப் பகையும் ஆகும். மூக்கைச் சிறிது மாற்றினால் எவரும் அறியார்; கருவிழியை மயிரிழையளவு தவறாக வைத்தால் குழந்தையும் கண்டுகொள்ளும்.

கண் ஓர் உருண்டை. வளர்ந்தவர்க்கு அதன் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். கருவிழியின் அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். கருவிழி அமைந்த இடம், உருண்டை சுழலும் நடுப்புள்ளியிலிருந்து பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இம்மூன்று அளவுகளும் பெரியவர் எல்லாரிடத்தும் பெரிதும் ஒத்திருப்பவை. எனவே படத்தில் கருவிழியின் அகலத்தை அளந்துவிட்டால் மற்றவற்றைக் கணக்கிட்டுவிடலாம். நம் படத்தில் தாயின் தலை கருவியினின்று ஏறத்தாழ 15 பாகை திரும்பியிருந்தது. ஒரு காது முழுதும் தெரிவதும், மறுகன்னம் ஒடுங்குவதும், மூக்கின் நுனி முகத்தின் நடுக்கோட்டை விட்டு விலகுவதும் அதனைக் காட்டின. விழிகள் தலையைவிட மேலும் 10 பாகை சென்றிருந்தன. ஆக, பார்வை கருவியினின்று 25 பாகை விலகி நின்றது. அதனை நேராக்கக் கருவிழியை ஏறத்தாழ நாலரை மில்லிமீட்டர், அதாவது தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக, நகர்த்த வேண்டும்.

தாளில் அம்முகத்தின் அகலம் ஒன்றரை சென்டிமீட்டரே. கருவிழி ஒன்றேகால் மில்லிமீட்டர். கடுகினும் சிறிய அதில் தூரிகை என்ன செய்யும்? அக்காலத்தில் முதலிற் படத்தைப் பெரிதாக்கி, அதன்மேற்றான் வேலை செய்வோம். இப்போது அங்குலத்திற்கு 1200 புள்ளி என்னும் நுட்பத்தில் ஸ்கேன் செய்தோம். கருவிழி 59 புள்ளி அகலம் பெற்றது. நகர்த்த வேண்டியது ஏறத்தாழ 21 புள்ளி. வேலை செய்வதற்கு இவ்வளவு போதும். இருபது புள்ளிக்குக் குறைந்த கருவிழியாயின் நகர்த்துவதற்கு அங்கே கண் இல்லை, கறை மட்டுமே உண்டு. அப்போது நாம் திருப்புவதில்லை, வரைகிறோம் என்பதை வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பழகாதவர் கைவைக்கும் முதல் இடமே பிழைபடும் இடம். அவர்கள் கருவிழியை இமைகளின் இடைவெளிக்கு நடுவில் வைத்துவிடுவர். இமைகளோ தலையோடு திரும்பியவை. ஆகவே நடுவில் வைத்த கருவிழி, தலை நோக்கும் திசையையே நோக்கும். நம் படத்தில் அது 15 பாகை விலகி, மணமகளுக்கும் நமக்கும் இடையே வெறும் வெளியைப் பார்த்திருக்கும். நேரே நோக்கும் கண்ணில், தலை எப்பக்கம் திரும்பியுள்ளதோ அப்பக்கத்து வெண்விழி மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். உருண்டையின் நடுவை மனத்தாற் கண்டு, அதற்கு நேரே வைப்பதே முறை. அன்றியும், மூக்குக்கு அப்பாலுள்ள கண்ணின் இமைவெளி ஒடுங்கித் தெரியும். ஆதலின் இரு கண்ணையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றிற்கு ஒட்டினால் மாறுகண் தோன்றும்.

இனி வேலையின் வரிசை. முதலில், தொடப்படாத மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே வேறோர் அடுக்கில் மட்டும் வேலை செய்கிறோம். இமைகளின் எல்லையைக் கோடிட்டு மறைத்துக்கொண்டால், உள்ளே என்ன நகர்ந்தாலும் இமை கெடாது. பிறகு கருவிழியை வெட்டி எடுக்கிறோம். பக்கவாட்டில் 25 பாகை திரும்பிய வட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒடுங்கி முட்டை வடிவாகத் தெரியும். நம் படத்தில் 59 புள்ளி உயரமும் 53 புள்ளி அகலமுமாக இருந்தது. நேரே நோக்கும்போது அது முழுவட்டமாதல் வேண்டும். இதனைச் செய்யாது நகர்த்தினால் ஏதோ நெருடும். இன்னது என்று பார்ப்பவர்க்குச் சொல்லத் தெரியாது.

கருவிழி நீங்கிய இடத்தை நிரப்புவது அடுத்தது. புதிதாய் மூடப்படும் பக்கத்தில் கவலையில்லை. திறக்கும் பக்கத்திற்கு வெண்விழி வேண்டும். அது படத்தில் இல்லை. மறுபக்கத்து வெண்மையை எடுத்துப் புரட்டி வைக்கிறோம். வெண்விழி என்ற பெயரை நம்பி வெள்ளையை அப்பலாகாது. அது உருண்டையாதலால் ஓரங்களில் இருளும். மேலிமையின் நிழல் அதன்மீது விழும். நல்ல ஒளியிற்கூடப் பல்லின் வெண்மையைவிட அது மங்கியே தெரியும். வெள்ளை மிகுந்தால் முகம் திடுக்கிட்டதுபோல் ஆகிவிடும். கடைவீதிப் படங்களிற் பலரும் மருண்டு விழிப்பதன் காரணம் இதுவே.

மேலிமையைப் பற்றியும் ஒரு சொல். கருவிழி உள்ள இடத்தில் கண் சிறிது புடைத்திருப்பதால், மேலிமை வளைவின் உச்சி கருவிழியைப் பின்தொடர்ந்து நகரும். ஆகவே கருவிழியை 21 புள்ளி நகர்த்தியபின் இமையின் உச்சியையும் இரண்டு மூன்று புள்ளி அப்பக்கம் இழுக்க வேண்டும். Photoshop செயலியில் Liquify என்னும் கருவி இதற்கு உதவும். மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை மறைத்தே நிற்க வேண்டும். முழுவட்டமும் தெரிந்தால் அது அச்சம் கொண்ட கண்.

கடைசியாக ஒளிப்பொட்டு. கண்ணின் நடுத்துளையை நம் முன்னோர் பாவை என்றனர். எதிரே நிற்பவரின் உருவம் சிறு பொம்மையாக அதில் தெரிவதால் அப்பெயர் பொருந்துகின்றது. படத்திலுள்ள கண்ணிலும் அப்படியே, பந்தலுக்கு வெளியே தெரிந்த வானம் ஒரு வெண்பொட்டாக விழுந்திருந்தது. அப்பொட்டு கருவிழியின் சொத்தன்று. வெளியிலுள்ள ஒளியின் நிழல். கண் சுழலும்போது அது கருவிழியோடு முழுதும் செல்லாது. ஏறத்தாழப் பாதித் தொலைவே நகரும். கருவிழி 21 புள்ளி நகர, பொட்டு பத்துப் புள்ளியே நகர்ந்தது. பலர் பொட்டையும் சேர்த்து வெட்டி நகர்த்திவிடுவர். அப்போது கண் நம்மை நோக்கியும் உயிரின்றி நிற்கும். ஒரு படத்தில் கண் திருத்தப்பட்டதா என்று ஐயுறுவோர் இப்பொட்டைத்தான் பார்க்க வேண்டும்: அருகே நிற்பவர் கண்களில் ஒளி ஒருபுறமும், ஐயத்திற்குரியவர் கண்ணில் வேறொரு புறமும் இருந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. பழைய படத்தின் மணல்போன்ற நுண்துகள் புதிதாய் நிரப்பிய இடத்தில் மட்டும் இல்லாதிருந்தாலும் அவ்வாறே. அதனால் அத்துகளையும் இறுதியில் சேர்த்தோம்.

இவ்வளவும் கணக்கின்படி முடிந்தது. பத்து மடங்கு பெரிதாக்கி, 12 அங்குல அகலமும் 15 அங்குல உயரமுமாக ஒரு மாதிரித்தாள் எடுத்தோம். முகம் ஏறத்தாழ இயல்பான அளவிற்கு வந்துவிட்டது. தமையனும் தங்கையும் வந்து பார்த்தனர். "கண்ணு சரியாத்தான் இருக்கு. ஆனா அம்மா எங்களத் தாண்டிப் பாக்கிற மாதிரி இருக்கே" என்றார் தங்கை. அவர் சொன்னது உண்மை. கணக்கு பிழையன்று, காண்பவர் மனம் கணக்கின்படி காண்பதில்லை.

இதனை முதலில் ஆய்ந்து காட்டியவர்களுள் ஒருவர் வில்லியம் ஹைட் உல்லாஸ்டன். பலேடியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்த வேதியியலார் அவர். 1824ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில், ஓவியத்திலுள்ள கண்கள் நோக்கும் திசையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புகழ்பெற்ற ஓவியர் தாமஸ் லாரன்ஸ் வரைந்து தந்த முகங்களை அதற்குப் பயன்படுத்தினார். கண்களை ஒரு கோடும் மாற்றாமல், மூக்கையும் கீழ்முகத்தையும் மட்டும் வேறு திசைக்கு மாற்றியபோது, அக்கண்களின் பார்வையே வேறு பக்கம் சென்றதாகத் தோன்றிற்று. கண்ணும் முகமும் சேர்ந்தே பார்வை ஆகின்றன என்பது அதன் முடிபு. முகம் ஒருபுறம் திரும்பி விழி மட்டும் நம்மை நோக்கும்போது, காண்பவர் மனம் அதனைச் சில வேளை இழுத்தும் சில வேளை மிகைப்படுத்தியும் கொள்ளும். எவ்வளவு என்பதை அளவுகோல் சொல்லாது. மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

ஆதலின் இறுதித் தேர்வுக்கு நாம் கைக்கொள்ளும் முறை எளியது. படத்தைச் சுவரில் கண்மட்டத்தில் வைத்து, ஐந்தடி தள்ளி, ஒன்றும் அறியாத ஒருவரை நிறுத்தி, 'இவர் யாரைப் பார்க்கிறார்?' என்று மட்டும் கேட்பது. 'என்னை' என்றால் முடிந்தது. சற்றே எண்ணினால் முடியவில்லை. இன்னொன்று, படத்தை இடவலம் மாற்றிப் பார்ப்பது. நெடுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மறைந்த கோணல், புரட்டியவுடன் வெளிப்படும். இலங்கையில் புத்தர் உருவங்களுக்குக் கண் எழுதும் சிற்பிகள் உருவத்தை நேரே நோக்காமல் கண்ணாடியிற் பார்த்தே எழுதுவர் என்று ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டு வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் குறித்துள்ளார். அவர்கள் காரணம் வேறு. புதிதாய்த் திறக்கும் அப்பார்வையின் ஆற்றலுக்கு அஞ்சியது. எனினும் கண்ணை இறுதியில், தனியே, பெரும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும் என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே.

தாயின் விழிகளை மணமகள் பக்கமே இரண்டு புள்ளி மீட்டு வைத்தோம். அவ்வளவே. உண்மைக் கண்ணில் அது அரை மில்லிமீட்டர்கூட இராது. தங்கை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தமையன் படத்தின் இடப்புறம் சென்று நின்றார், வலப்புறம் சென்று நின்றார். "எங்க நின்னாலும் பாக்காளே" என்றார். தட்டையான தாளில் கருவியை நோக்கிய கண் எப்பக்கத்திலிருந்து பார்ப்பவரையும் நோக்கும். நாம் நகர்ந்தாலும் தாளிலுள்ள வெண்விழியின் இருபுற அளவு ஒன்றுக்கொன்று மாறுவதில்லை அன்றோ? சிலையாயின் மாறும். ஆகவேதான் சுவரிலுள்ள ஒரு படம் அறையிலுள்ள அத்தனை பேரையும் ஒருங்கே பார்க்கின்றது.

எல்லாப் படமும் இவ்வாறு கைகூடும் என்று எண்ணலாகாது. தலை 30 பாகைக்கு மேல் திரும்பியிருந்தால் விழியை மட்டும் திருப்புவது கடைக்கண் பார்வையாகிவிடும். மணமகளுக்கு அது அழகாயிருக்கலாம்; மாலையிட்ட மூதாட்டிக்கு ஐயமும் கள்ளமும் கலந்த தோற்றத்தைத் தரும். இயல்பில் மனிதர் அவ்வளவு தொலைவு விழியை மட்டும் ஓட்டுவதில்லை. தலையும் உடன் திரும்பும். கீழ்நோக்கிய கண் அதனினும் கடினம். கண் தாழும்போது மேலிமையும் தாழ்ந்து கருவிழியின் பெரும்பகுதியை மூடிவிடும். அதனை உயர்த்தினால் இமையின் மடிப்பு, மயிர், புருவத்தின் நிலை எல்லாவற்றையும் புதிதாக ஆக்க வேண்டும். மூடிய கண்ணோ முற்றிலும் இல்லாத பொருள். வேறு படத்திலிருந்து அதே மனிதரின் கண்ணைக் கொணர்ந்தால் ஒருவாறு பொருந்தும். அதுவும் இல்லையேல், மகனுடைய கண்ணையோ மகளுடைய கண்ணையோ எடுத்து வைக்கச் சொல்வோர் உளர். சொல்லிவிட்டுச் செய்தால் குற்றமில்லை. ஆனால் அப்படம் தாயைக் காட்டாது, மக்களையே அவர்களுக்குத் திருப்பிக் காட்டும்.

இன்று இவ்வேலையை இயந்திரங்களே செய்யப் புகுந்துள்ளன. 2020ஆம் ஆண்டு Photoshop செயலியில் வந்த Smart Portrait என்னும் பகுதி, ஒரு கோலை இழுத்தால் பார்வையையும் தலையையும் திருப்பிற்று. வியப்புத்தான். ஆனால் அது எண்ணற்ற முகங்களிற் பயின்று, அவற்றின் சாயலில் ஒரு கண்ணை ஆக்கித் தருவது. சிறிய, மங்கிய பழம்படத்தைக் கொடுத்தால், தாயினுடையது அல்லாத தெளிவான ஒரு கண்ணை அது பொருத்திவிடும். தெளிவு மிகுந்து, அடையாளம் குறைந்தால் அது தவறான விலை.

அயல்நாட்டில் மக்களை வைத்துள்ள நம் குடும்பங்கள் இதன் இன்னோர் உருவத்தை நாள்தோறும் காண்கின்றன. காணொளியிற் பேசும் பேரன் நம் முகத்தைத் திரையிற் பார்க்கிறான். ஒளிவாயிலோ திரைக்கு மேல் உள்ளது. கணிப்பொறியில் இவ்விரண்டிற்கும் இடைவெளி பத்து சென்டிமீட்டர், அவன் அமர்ந்த தொலைவு ஐம்பது சென்டிமீட்டர் எனக் கொண்டால், பார்வை 11 பாகை தாழ்கின்றது. அவன் நம்மையே பார்த்திருந்தும் நமக்கு அவன் குனிந்திருப்பதாகத் தோன்றும். இதனைத் திருத்த ஆப்பிள் நிறுவனம் 2019ஆம் ஆண்டு தன் கைப்பேசிச் செயலியின் சோதனைப் பதிப்பில் விழியைத் திருப்பும் வசதியை வைத்தது. கண்ணெதிரே மூக்குக்கண்ணாடியின் காம்பை நீட்டிப் பார்த்தவர், நேரான காம்பு கண்ணருகே வளைவதைக் கண்டு அதன் வினையை வெளிப்படுத்தினார். 2023ஆம் ஆண்டு என்விடியா நிறுவனமும் அத்தகைய ஒன்றை வெளியிட்டது. இங்கே நேரவேண்டியது சிறு திருத்தம். அதுவும் உண்மையைப் பொய்யாக்குவதன்று, கருவியின் இடத்தால் மறைந்த உண்மையைக் காட்டுவது. பேரன் நம்மைத்தான் பார்த்தான்.

தாராவிப் படத்தில் அவ்வாறன்று. தாய் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. மணக்கோலத்திலிருந்த மூத்த மகளைப் பார்த்தாள். தங்கை எழுப்பிய வினா இங்கேதான் நிற்கின்றது. எஞ்சிய ஒரே படத்தில், அவளைப் பற்றி நாம் உறுதியாக அறிவது அந்தப் பார்வை ஒன்றே. மகளை அனுப்பும் நாளில் அவள் கண் எங்கே இருந்தது என்பதற்கு அதனைத் தவிர வேறு சான்று இல்லை. அதனை அழித்துவிட்டு நமக்கு வேண்டிய பார்வையை வைப்பது, வேண்டுதலை நிறைவேற்றும்; சான்றை மாய்க்கும்.

இரண்டும் நிற்பதற்கு வழி உண்டு. மூலத்தாளைத் தொடாமல் உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்குமாறு சொன்னோம். இம்மும்பையின் மழைக்காலம் தாளுக்கு எமன். அதன் ஸ்கேன் பிரதியைத் திருத்தாமல் தனியே பதிவு செய்து இருவருக்கும் தந்தோம். திருப்பிய படத்தின் பின்புறத்தில், '1979ஆம் ஆண்டுத் திருமணப் படத்திலிருந்து எடுத்தது. மூலத்தில் அம்மா மணமகளைப் பார்க்கிறார். கண்கள் திருப்பப்பட்டவை' என்று மையால் எழுதி, நாளும் இட்டோம். இதனை எழுதச் சொல்லி எவரும் கேட்பதில்லை. ஆனால் முப்பது ஆண்டு கழித்து அந்தச் சட்டத்தைக் கழற்றும் பேரப்பிள்ளைக்கு வேறெவர் சொல்வார்?

தமையன் நேர்நோக்கும் படத்தை 90 அடிச் சாலைக்குக் கொண்டு சென்றார். தங்கை தமக்கென, நால்வரும் நிற்கும் பழைய படத்தையே, ஒரு புள்ளியும் மாற்றாமல், பெரிதாக்கிக் கேட்டார். செம்பூர் வீட்டில் தாய் இன்றும் மூத்த மகளைப் பார்த்தவாறே நிற்கிறாள்.